பால் காய்ச்ச கார்ட் அடிக்கப் போகிறீர்களா? முகூர்த்த நேரமும் வழியும் எழுதும் முறை

எங்கள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியது 2025 தை மாதம். வீடு கட்டிய இரண்டு வருடத்தில் பட்ட பாட்டைக்கூட ஒருவாறு மறந்துவிட்டேன், அந்த அழைப்பிதழ் அடித்த மூன்று வாரத்தை மட்டும் மறக்க முடியவில்லை. 150 கார்டில் கிழமை பிழை. வழி சொல்லும் வரியில் வலம் இடம் பிழை. அதனால் நுவரெலியாவிலிருந்து வேனில் வந்த பெரியம்மா முகூர்த்தத்தைத் தவறவிட்டு, சரியாக ராகு காலத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்து, "ராகு காலம் முடியாமல் புதுவீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று ஒன்பது மணி வரை பனியில் சவுக்கு மரத்தடியில் நின்றார். பிளேன்டீயைக்கூட வெளியேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆகவே தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை என்று நம் பக்கத்தில் அடுத்து வீடு குடிபோகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சடங்கு எப்படிச் செய்வது என்பதை ஐயர் சொல்வார். இது கார்டைப் பற்றி மட்டும்.

1. அச்சகத்துக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தாள் போதும்.

முதலாவது, ஐயர் நாள் குறித்துத் தந்த சீட்டு. வாயால் சொன்னதை நம்பிப் போகாதீர்கள், எழுதி வாங்குங்கள். அதில் தமிழ் வருடம், மாதம், தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், லக்கினம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் இருக்க வேண்டும். கூடவே எந்தப் பஞ்சாங்கம் பார்த்தார் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வாக்கியமும் இருக்கிறது, திருக்கணிதமும் இருக்கிறது. திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தில் இரண்டுக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும், சில மாதங்களில் தமிழ்த் தேதியே ஒரு நாள் முன்பின் ஆகும். கார்டில் பாதியை ஐயர் சீட்டிலிருந்தும் மீதியைப் போனில் உள்ள ஆப்பிலிருந்தும் எடுத்தால், இரண்டு பஞ்சாங்கம் கலந்த ஒரு நாள் பிறந்துவிடும். அப்படி ஒரு நாள் எந்த உலகத்திலும் கிடையாது. இன்னொன்று, ஆப் பெரும்பாலும் சென்னை என்றோ வேறு ஊர் என்றோ வைத்திருக்கும். கடிகார நேரம் இந்தியாவுக்கும் நமக்கும் ஒன்றுதான் என்றாலும் சூரிய உதயம் ஒன்றல்ல, அதனால் லக்கினம் தொடங்கும் நேரம் சில நிமிடம் நகரும். முகூர்த்தமே முக்கால் மணி நேரம் என்றால் அந்தச் சில நிமிடம் பெரிதுதான்.

இரண்டாவது, வீட்டின் முகவரி எழுதிய ஏதாவது ஓர் ஆவணம். கரண்ட் பில் வந்திருந்தால் அது நல்லது, இல்லாவிட்டால் காணி உறுதியின் பிரதி. ஏன் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது, பெயர்ப் பட்டியல். யார் பெயரில் அழைப்பு, யார் யார் பெயர் கீழே வரவேண்டும், எந்த வரிசையில் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்து எழுதிவிடுங்கள். அச்சகத்தின் வாங்கில் உட்கார்ந்துகொண்டு மாமனாருக்குப் போன் போட்டு "உங்கள் பெயருக்கு முன்னால் என்ன எழுத்து" என்று கேட்பது அழகில்லை. நான் கேட்டேன்.

2. நாளை முதலில் உறுதி செய்யுங்கள்

எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்பது ஆசை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிமார் எல்லோருக்கும் அதுதான் வசதி. ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார். பெப்ரவரி 9 ஞாயிறு, அன்று திருவாதிரை, ஆகாது. 11 செவ்வாய், தைப்பூசம். செவ்வாயில் குடிபோவதில்லை, அவருக்கும் அன்று கோயிலை விட்டு நகர முடியாது. 12 புதன், நவம் போயா, நாடு முழுக்க லீவு, ஆனால் ஆயில்யம். மிஞ்சியது 10 திங்கள்: வளர்பிறை திரயோதசி, புனர்பூசம், அது மாலை வரைக்கும் நிற்கிறது. காலை முகூர்த்தத்துக்கு எந்தப் பஞ்சாங்கம் பார்த்தாலும் சிக்கல் இல்லை என்றார்.

சரி, திங்கட்கிழமை என்றால் எல்லோரும் வேலைநாளில் வரவேண்டும். இதைக் கார்டிலேயே ஈடுசெய்ய வேண்டியிருந்தது, எப்படி என்று நாலாம் பகுதியில் வரும். உங்களுக்கும் வேலைநாள் அமைந்தால் ஐயரோடு மல்லுக்கட்ட வேண்டாம், கார்டில் நேரங்களைப் பிரித்துப் போட்டால் போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை என்றுதான் வைக்கிறார்கள். அந்த மாதங்களில் கல்யாணக் கார்டும் சேர்ந்து வருவதால் அச்சகத்தில் கூட்டம் இருக்கும், ஒரு வாரத்தைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. முகப்பும் வாசகமும்

மேலே நடுவில் உ, அதன் கீழ் சிவமயம் அல்லது உங்கள் குலதெய்வம் துணை, அப்புறம் தலைப்பு. தலைப்பில் சிலர் கிரகப்பிரவேசம் என்று போடுகிறார்கள், சிலர் புதுமனை புகுவிழா என்கிறார்கள். வீட்டுக்குள் நாம் சொல்வது பால் காய்ச்சுவது என்றுதான், ஆனால் கார்டில் புதுமனை புகுவிழா எல்லோருக்கும் விளங்கும். "புதுமனை"க்குப் பின் "ப்" போடுவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டுத் தமிழ் வாத்தியார் ஒருவர் அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். இரண்டும் வழக்கில் இருக்கிறது, முகப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் கடைசியில் அடித்த வாசகம் இது. பெயர்களையும் தோட்டப் பெயரையும் மட்டும் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன், அந்த இடத்தில் உங்களுடையதை எழுதுங்கள்.

> உ
> சிவமயம்
>
> புதுமனை புகுவிழா அழைப்பிதழ்
>
> பேரன்புடையீர்,
>
> நிகழும் மங்களகரமான குரோதி வருடம் தை மாதம் 28ஆம் நாள் (2025 பெப்ரவரி 10) திங்கட்கிழமை, பூர்வபட்ச திரயோதசி திதியும் புனர்பூச நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 6.45 மணி முதல் 7.25 மணி வரையுள்ள கும்ப லக்கின சுபமுகூர்த்தத்தில், இறையருளாலும் பெரியோர் ஆசியாலும் நாங்கள் புதிதாக அமைத்துள்ள இல்லத்தில் குடிபுக இருப்பதால், தாங்கள் குடும்ப சகிதம் வருகை தந்து எங்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கின்றோம்.
>
> இவ்வண்ணம்,
> ........ தம்பதியினர்
> மற்றும் பிள்ளைகள்

நீளமான ஒரே வாக்கியம்தான், அது மரபு, அதை உடைக்க வேண்டாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகப் பிழைபோகக்கூடியது.

வருடப் பெயர்: அச்சகத்தின் பழைய கார்டில் போன வருடப் பெயர் அப்படியே இருக்கும். சித்திரைப் புத்தாண்டோடு பெயர் மாறிவிடுகிறது. 2025 ஏப்ரல் வரை குரோதி, அடுத்தது விசுவாவசு, 2026 ஏப்ரல் 14 முதல் பராபவ. தையில் வீடு குடிபோகிறவர்கள் ஆங்கில வருடம் மாறிவிட்டதே என்று தமிழ் வருடத்தையும் மாற்றிவிடுகிறார்கள், அது தப்பு. "மங்களகரமான குரோதி" என்று வாசித்துவிட்டு என் சித்தப்பா, குரோதம் எப்படி மங்களமாகும் என்று கேட்டார். அறுபது வருடப் பெயரில் நமக்கு வாய்த்தது அது, என்ன செய்ய.

தேதி: 10.02.2025 என்று போடாதீர்கள். நம் நாட்டில் அரசாங்கக் கடிதத்தில் வருடம் முதலில் வரும், வங்கிச் சீட்டில் நாள் முதலில் வரும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் மாதத்தை முதலில் வாசிப்பார்கள். பெப்ரவரி என்று எழுத்தில் போட்டுவிட்டால் வாதம் இல்லை.

பட்சம்: வளர்பிறை என்றால் பூர்வபட்சம், தேய்பிறை என்றால் அபரபட்சம். இதை "அமரபட்சம்" என்று ஒரு கார்டில் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் வளர்பிறை என்றே போடுங்கள், ஒரு குறையும் இல்லை.

யோகம், கரணம்: எங்கள் கார்டில் இல்லை. சீட்டில் ஐயர் எழுதித் தந்திருந்தால் போடுங்கள். எழுதித் தராததை அழகுக்காக "சித்தயோகமும் கூடிய" என்று பழைய கார்டைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவர் எந்த விசேஷத்துக்கும் வந்துவிடுவார், வந்து வாசலிலேயே கேட்பார்.

4. நேரத்தைத் தனிக் கட்டமாகப் போடுங்கள்

இதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்ட முதல் விஷயம். மேலே உள்ள நீண்ட வாக்கியத்தை யாரும் வாசிப்பதில்லை. கார்டைத் திறந்தவுடன் கண் நேரத்தைத் தேடுகிறது, பிறகு இடத்தைத் தேடுகிறது, மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனவே வாக்கியத்துக்குள் வந்த நேரத்தையே கீழே கட்டம் போட்டு, பெரிய எழுத்தில் இன்னொரு முறை சொல்லுங்கள்.

> திங்கட்கிழமை, 2025 பெப்ரவரி 10
>
> வீடு புகும் சுபமுகூர்த்தம்: காலை 6.45 – 7.25
> (6.30க்கு முன் வருகை தரவும்)
> மதிய விருந்து: பகல் 12.15 முதல்
> வேலை முடிந்து வருவோருக்கு: மாலை 4.30 – 7.00

முகூர்த்தம் ஏன் 7.25இல் முடிகிறது என்று அச்சகத்துப் பையன் கேட்டான், 7.30 என்று வட்டமாகப் போடலாமே என்றான். திங்கட்கிழமை 7.30க்கு ராகு காலம் தொடங்குகிறது, 9.00 வரை. ஐயர் அதைத் தொடாமல் ஐந்து நிமிடம் முன்னாலேயே வெட்டித் தந்திருக்கிறார். அச்சகத்தில் நேரத்தை அழகுபடுத்த விடாதீர்கள். 6.45 என்பதை "6.30 மணி அளவில்" என்று மாற்றுவதும் இதே தப்புதான். எங்கள் நாளில் ஆறரைக்கு மகர லக்கினம்கூட முடிந்திருக்காது.

மதிய விருந்துக்கு 12.15 போட்டதும் அப்படித்தான். திங்கட்கிழமை எமகண்டம் 10.30 முதல் 12.00 வரை. சாப்பாட்டுக்கு அதையெல்லாம் எல்லோரும் பார்ப்பதில்லை, ஆனால் புதுவீட்டில் முதல் பந்தி என்றால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கால் மணி நேரம் தள்ளிப்போட்டால் யாருக்கும் நட்டமில்லை.

உங்கள் நாளுக்கு ஒத்துப்பார்க்க, காலை ஆறு மணி உதயம் என்று வைத்து நாட்காட்டியில் போடும் ராகு காலம் இது: திங்கள் 7.30–9.00, சனி 9.00–10.30, வெள்ளி 10.30–12.00, புதன் 12.00–1.30, வியாழன் 1.30–3.00, செவ்வாய் 3.00–4.30, ஞாயிறு 4.30–6.00. ஐயர் அன்றைய உதயத்தை வைத்துக் கணித்தால் கொஞ்சம் நகரும். ஆனால் விருந்தாளிகள் பார்ப்பது நாட்காட்டியைத்தான். ஆகவே நேரம் நாட்காட்டி ராகு காலத்துக்குள் விழாமல் இருப்பது நல்லது. இல்லையென்றால் போனில் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடைப்புக்குள் "6.30க்கு முன் வருகை தரவும்" என்பது இரண்டாம் அச்சில் சேர்த்தது. முகூர்த்தம் 6.45 முதல் என்றால் பலர் 7.25க்கு முன் போனால் சரி என்று நினைக்கிறார்கள். வாசல்படி தாண்டுவது முதல் பத்து நிமிடத்திலேயே முடிந்துவிடும், அப்புறம் பால் பொங்குவது, அதற்குப் பிறகு வருகிறவர்கள் பார்ப்பது காலிப் பால்சட்டியைத்தான். மாலை நேரத்தைத் தனியாகப் போட்டது மிகப்பெரிய உதவி. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் காலைச் சம்பளத்தை இழக்காமல் மாலையில் குளித்து உடுத்தி நிதானமாக வந்தார்கள். "வரமுடியவில்லை" என்று சொல்லி மொய்யை மட்டும் கொடுத்தனுப்பும் சங்கடம் இருவருக்கும் இல்லை.

அதிகாலை முகூர்த்தம் கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 4.30 என்று வந்தால் "அதிகாலை" என்பதைக் கட்டாயம் எழுதி, கிழமையையும் பக்கத்திலேயே போடுங்கள். "ஞாயிறு அதிகாலை" என்றால் சனி இரவு தூங்கி எழுந்தா, ஞாயிறு இரவு கழிந்தா என்று கேட்கிற ஆட்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். "சனிக்கிழமை இரவு விடிந்தால்" என்று அடைப்பில் போட்ட கார்ட் ஒன்றைப் பார்த்தேன், அதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

5. முகவரி: தபால் வேறு, வீடு வேறு

லயத்தில் இருந்தவரை நமக்கு முகவரி என்பது தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும்தான். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது எடுத்து வருவார்கள். ஆள் தேடி வரவேண்டும் என்றால் அந்த முகவரி எதற்கும் உதவாது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டியவர்களுக்கு இப்போது வீட்டு இலக்கமும், குடியிருப்புக்கு ஒரு புதுப் பெயரும் கிடைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால் அந்தப் புதுப் பெயர் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறது, ஆட்டோக்காரருக்குத் தெரியாது. தோட்டத்துக்கோ ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. கொழும்பிலிருந்து வருகிறவர் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்பார், பாதையில் நிற்கிற அண்ணனுக்குத் தமிழ்ப் பெயர்தான் தெரியும்.

அதனால் இரண்டையும் போடுங்கள். இந்த வரிசை எங்களுக்கு வேலை செய்தது:

> இல. ..., (குடியிருப்பின் புதுப் பெயர்),
> (தோட்டத்தின் ஆங்கிலப் பெயர்) – (தமிழில் வழங்கும் பெயர்), மேற்பிரிவு,
> தலவாக்கலை.

பிரிவை விட்டுவிடாதீர்கள். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் மலையின் இரண்டு பக்கத்தில் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போகும். முகவரி ஆவணத்தைக் கையில் வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான்: இலக்கத்தையும் குடியிருப்புப் பெயரின் எழுத்துக்களையும் அதில் உள்ளபடி எழுதினால் பின்னால் குழப்பம் வராது.

6. வழி சொல்லும் வரி

எங்கள் முதல் கார்டில் இப்படி இருந்தது: "தலவாக்கலை – நுவரெலியா வீதியில் வலப்பக்கம் திரும்பி கோயிலுக்கு அருகில்." எழுதியது நான்தான். இதில் மூன்று பிழை, மூன்றும் ஆளை அலையவைத்தன.

முதல் பிழை, வலப்பக்கம். ஹட்டன் பக்கமிருந்து வந்தால் வலம். நுவரெலியாவிலிருந்து நானுஓயா தாண்டி வருகிறவர்களுக்கு அது இடம். பெரியம்மாவின் வேன் சொன்ன சொல் தவறாமல் வலப்பக்கம் திரும்பி, பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கி, அங்கே ஒரு கோயிலையும் கண்டுபிடித்து, அதன் அருகில் போய் நின்றது.

இரண்டாவது, கோயில். எந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு கோயில் இருக்கிறது? எங்கள் பிரிவிலேயே மாரியம்மன், முனியாண்டி, பாதையோரத்துப் பிள்ளையார் என்று மூன்று.

மூன்றாவது, தூரம் இல்லை. ஆறு மணிக்கு மூடுபனியில் எங்கே வேகத்தைக் குறைப்பது என்று ஓட்டுநருக்குத் தெரியாது, திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் தெரியும். வளைவுப் பாதையில் வேனைத் திருப்ப இன்னும் அரைக் கிலோமீட்டர் போகவேண்டும்.

திருத்திய வரி:

> வழி: தலவாக்கலை பஸ் நிலையத்திலிருந்து நுவரெலியா வீதியில் 4 கி.மீ. (தலவாக்கலையிலிருந்து வருவோருக்கு வலம், நுவரெலியாவிலிருந்து வருவோருக்கு இடம்). தோட்டப் பாதையில் கொழுந்து மடுவம் வரை வாகனம் வரும். எதிரே படியேறி 3ஆவது வீடு.

எழுதும்போது நான் பார்த்தது இவ்வளவுதான்: எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும், நம் பக்கத்தில் அது பஸ் நிலையம் அல்லது ரயில் நிலையம். தூரம் வேண்டும், அதை மோட்டார் சைக்கிள் மீட்டரில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள், நான் முதலில் குத்துமதிப்பாக மூன்று என்று நினைத்திருந்தேன். அடையாளம் தோட்டத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற கட்டடமாக இருக்கட்டும்: ஸ்டோர், பிள்ளை மடுவம், பெரட்டுக்களம் போல. மரம், கடை, "பச்சை கேட்" எல்லாம் வேண்டாம், பனியில் பச்சை தெரியாது. கடைசியாக, வாகனம் எதுவரை வரும் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பெரிய பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து வருகிறவர்கள் இருப்பார்கள், வயதானவர்கள் எத்தனை படி ஏறவேண்டும் என்று முன்னமே தெரிந்தால் ஊன்றுகோலோடு வருவார்கள்.

கார்டில் கியூஆர் கோட் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஆனால் வரிக்குப் பதிலாக அல்ல. எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடையாது, திருப்பத்துக்கு வந்த பிறகு அது திறக்காது. போடுவதென்றால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரமாக, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, கருப்பில் அடிக்கச் சொல்லுங்கள். தங்க நிற மையில் அடித்ததைப் பல போன்கள் வாசிக்காது. மேப்பில் நீங்கள் குத்தும் புள்ளியை வீட்டு வாசலில் நின்றே குத்துங்கள். தோட்டத்தின் பெயரைத் தேடி வரும் புள்ளி பெரும்பாலும் தேயிலை மலைக்கு நடுவில் எங்கேயாவது நிற்கும்.

7. அச்சகத்தில்: எழுத்துரு, புரூஃப், கையெழுத்து

நீங்கள் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்புவது யுனிகோட். பல அச்சகங்களில் வடிவமைப்பது இன்னமும் பாமினி எழுத்துருவில். அவர்கள் அதை மாற்றியாக வேண்டும் அல்லது மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், இரண்டிலும் எழுத்து விழும். பாமினியில் அடித்த தலைப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் திரையில் இப்படி வரும்:

```
GJkid GFtpoh
```

அது கெட்டுப்போன கோப்பு இல்லை, "புதுமனை புகுவிழா"தான். பயப்பட வேண்டாம். ஆனால் அலங்கார எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, ஷ, ஜ போன்றவையும் கோடு, அடைப்புக்குறி போன்றவையும்தான் முதலில் தொலையும். "6.45 – 7.25" இல் நடுக்கோடு போய் "6.457.25" என்று எங்களுக்கு ஒரு புரூஃப் வந்தது.

நாங்கள் மாட்டிய இடம் வேறு. வடிவமைக்கிறவர் வேறொருவரின் பழைய கார்டைத் திறந்து அதன்மேல் எங்கள் விவரத்தை அடித்தார். தேதி மாறியது, நட்சத்திரம் மாறியது, பெயர் மாறியது, கட்டத்தில் இருந்த "ஞாயிற்றுக்கிழமை" மாறவில்லை. வாக்கியத்தில் திங்கள், கட்டத்தில் ஞாயிறு. போன் திரையில் புரூஃப் பார்த்து "ஓகே அண்ணா" என்று அனுப்பியது நான், அதனால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. கண்டுபிடித்தபோது நாற்பது கார்ட் கொடுத்து முடிந்திருந்தது. அந்த நாற்பது வீட்டுக்கும் போன் போட்டோம், மீதியைத் திருப்பி அடித்தோம்.

இப்போது நான் எல்லோருக்கும் சொல்வது: புரூஃபைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பேர் உட்காருங்கள், ஒருவர் கையில் ஐயரின் சீட்டு, மற்றவர் கையில் புரூஃப். சீட்டு வைத்திருப்பவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் ஒவ்வொன்றாகப் பேனாவால் கோடிட வேண்டும். கட்டத்தை வாக்கியத்தோடு ஒப்பிடாமல், இரண்டையும் தனித்தனியாகச் சீட்டோடு ஒப்பிடுங்கள். தேதிக்கு என்ன கிழமை என்பதைச் சுவர் நாட்காட்டியில் விரல் வைத்துப் பாருங்கள். போன் நம்பர் இருந்தால் கார்டைப் பார்த்து அந்த நம்பருக்கு அழைத்துப் பாருங்கள், உங்கள் போன் அடிக்க வேண்டும். அப்புறம் கையெழுத்து.

8. எண்ணிக்கை, செலவு, நாள் கணக்கு

ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். எங்களுக்கு 130 வீடு, 150 அடித்தோம். ஒரு கார்ட் உறையோடு 85 ரூபா, மொத்தம் 12,750. மறுபடி அடித்த 110க்கு அச்சகம் பாதி விலை பிடித்தது, அது 4,675. ஆக 17,425 ரூபா, அதில் அந்த 4,675 முழுக்க ஒரு கிழமையின் விலை. உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கும். குறைக்க வேண்டுமென்றால் தாளின் தடிப்பில் குறையுங்கள், எழுத்தின் அளவில் குறைக்காதீர்கள். கண்ணாடி இல்லாமல் நேரக் கட்டத்தை வாசிக்க முடிகிறதா என்று வீட்டில் மூத்தவரிடம் காட்டிப் பார்த்தால் அளவு சரியா என்று தெரிந்துவிடும்.

நாள் கணக்கு: சீட்டு கைக்கு வந்ததிலிருந்து வாசகம் எழுத இரண்டு நாள், புரூஃபுக்கு மூன்று நாள், அச்சுக்கு நாலைந்து நாள் வையுங்கள். கார்ட் கைக்கு வருவது விழாவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் இருக்க வேண்டும். தூரத்துச் சொந்தத்துக்கு நேரில் போய்க் கொடுக்கத்தான் நாள் பிடிக்கும், அதுவும் ஞாயிறுகளில்தான் போகமுடியும், மூன்று வாரம் என்றால் மூன்றே ஞாயிறு.

முதல் கார்டை நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கோயிலில் வைத்துவிட்டு, இரண்டாவதை ஐயருக்குக் கொடுங்கள். தட்சணைக்கும் மரியாதைக்கும் மட்டுமில்லை, அவர் அதை வாசிப்பார். மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குமுன் அவர் வாசித்திருந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேயே அகப்பட்டிருக்கும். நாங்கள் அவருக்கு நாற்பத்தோராவதாகக் கொடுத்தோம், திறந்து பார்த்தவர் "தம்பி, நான் திங்கள் அல்லவா எழுதித் தந்தேன்" என்றார்.